ஒப்பித்து முடித்த பிறகு அவர் அரபியிலேயே கேட்டால்?

ஐயா, எனக்கு 30 வயது. பெரம்பலூர் பக்கம். ஐடிஐ முடித்து 6 வருடமாக ஏசி வேலை. அடுத்த வாரம் சென்னையில் ரியாத் கம்பெனி ஒன்றின் முதலாளி நேரில் வந்து இன்டர்வியூ எடுக்கிறார். அவருக்கு அரபி மட்டும்தான் தெரியும் என்கிறார் ஏஜென்ட். நான் தமிழில் எழுதிய அறிமுகம் இது: "நான் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். ஏசி மெக்கானிக்காக 6 வருடம் சர்வீஸ் வேலை செய்கிறேன். திருமணமாகி ஒரு மகள் இருக்கிறாள். நான் கடின உழைப்பாளி. எந்த வேலை கொடுத்தாலும் முழு மனதோடு செய்வேன்." இதை வளைகுடாவில் இருக்கும் நண்பன் அரபியாக்கி, தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினான். மனப்பாடம் செய்துவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பி, நண்பர் எழுதியதைப் படித்தேன். அவர் மேல் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் தமிழில் எழுதியதை அவர் அப்படியே அரபியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். சிக்கலே அங்கேதான். அந்தத் தமிழ்ப் பத்தியை மொழிபெயர்க்கவே கூடாது. அதில் பாதியை எடுத்துவிட்டு, மீதியை அந்த முதலாளி தன் ஆட்களிடம் பேசும் சொற்களில் புதிதாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் என் கதை ஒன்று. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பிளம்பருக்கு இப்படித்தான் அறிமுகம் எழுதிக் கொடுத்தேன். இளமைத் திமிர், நல்ல இலக்கண சுத்தமான அரபி. அவரும் கெட்டிக்காரர், பிசிறில்லாமல் ஒப்பித்தார். எதிரே இருந்தவருக்கு ஒரே சந்தோஷம். ஆளுக்கு அரபி தெரியும் என்று நினைத்துக்கொண்டு மடமடவென்று கேட்க ஆரம்பித்துவிட்டார். "இந்தக் மரள்? ஸுக்கர்? ளஃக்த்?" என்றார். நோய் ஏதாவது உண்டா, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கிறதா என்று கேள்வி. நம்ம ஆள் சிரித்த முகத்தோடு "நஅம், நஅம்" என்றார். ஆமாம், ஆமாம். நான் இடையில் புகுந்து விளக்கினேன். அவரும் சிரித்தார், ஆனால் காகிதத்தை மூடிவிட்டார். வேலை கிடைக்கவில்லை. தெரியாத மொழியைத் தெரிந்த மாதிரி காட்ட அந்தப் பிளம்பருக்கு நான் வழி செய்து கொடுத்திருந்தேன், தப்பு என்னுடையது.

அதனால் உங்கள் அறிமுகத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய வாக்கியம், எனக்கு அரபி கொஞ்சம்தான் தெரியும், இதை மனப்பாடம் செய்து வந்தேன் என்பது. கடைசியில் அது வரும். இப்போது உங்கள் பத்திக்கு வருவோம்.

முதலில் 'மெக்கானிக்'. நம் ஊரில் ஏசி மெக்கானிக், பம்ப்செட் மெக்கானிக், பைக் மெக்கானிக் எல்லாரும் உண்டு. நண்பர் 'மீக்கானீக்கீ' என்று போட்டிருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அரபிக்காரர் மனதில் வருவது கார் ஷெட்டும் கறுத்த கையும்தான். உங்கள் தொழிலுக்கு அங்கே பெயர் 'ஃபன்னீ தப்ரீத் வ தக்யீஃப்'. ஃபன்னீ என்றால் டெக்னீஷியன், தப்ரீத் குளிரூட்டல், தக்யீஃப் ஏர் கண்டிஷனிங். ஐடிஐயில் நீங்கள் படித்த பிரிவும் இதேதான், ஃபிரிட்ஜும் ஏசியும் சேர்ந்த இரண்டு வருடப் படிப்பு. சிலர் ஒரு படி ஏற்றி 'முஹந்திஸ்' என்று சொல்லிக்கொள்வார்கள். அது இன்ஜினியர். அந்தப் பெயரில் அங்கே வேலை செய்யப் பட்டமும் சவூதி பொறியாளர் மன்றத்தின் பதிவும் வேண்டும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது 'சர்வீஸ்'. நண்பர் இதை 'ஃகித்மா' என்று எழுதியிருக்கிறார். அகராதிப்படி தப்பில்லை, சேவை என்றுதான் பொருள். ஆனால் அது ஹோட்டலில் பரிமாறுவதையும் வீட்டில் பணிவிடை செய்வதையும் சேர்த்துக் குறிக்கும் சொல். ஏசி சர்வீஸ் என்று நாம் சொல்வது அங்கே 'ஸியானா', பராமரிப்பு. புதிதாக மாட்டுவது 'தர்க்கீப்', கழற்றுவது 'ஃபக்'. அங்கே கடைப் பலகைகளில் 'ஃபக் வ தர்க்கீப்' என்று இரண்டையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். ஏசி 'முக்கய்யிஃப்', பன்மையில் 'முக்கய்யிஃபாத்'. விண்டோ ஏசிக்கு 'ஷுப்பாக்', ஜன்னல் என்றே பெயர். ஸ்ப்ளிட் அவர்கள் வாயில் 'ஸ்பிலித்' ஆகிவிடும். சென்ட்ரல் ஏசி 'மர்க்கஸீ'. கேஸ் நிரப்புவது 'தஅபியத் ஃப்ரீயூன்', எந்த கேஸாக இருந்தாலும் பேச்சில் ஃப்ரீயூன்தான். இந்த ஏழெட்டுச் சொற்களை நீங்கள் இயல்பாகச் சொன்னால் போதும், ஆறு வருட அனுபவம் தானாகத் தெரிந்துவிடும். கடின உழைப்பாளி என்று எந்த மொழியிலும் சொல்லத் தேவையிருக்காது.

'ஏழை விவசாயக் குடும்பம்' வேண்டாம். நமக்கு அது பணிவு, கொஞ்சம் பெருமையும்கூட. நண்பர் அதை 'மிஸ்கீனா' குடும்பம் என்று எழுதியிருக்கிறார். மிஸ்கீன் என்றால் கையில் ஒன்றுமில்லாதவன், பாவப்பட்டவன். சம்பளம் பேச வந்திருப்பவரிடம் முதல் வாக்கியத்திலேயே நான் பாவப்பட்டவன் என்று சொன்னால், அவர் மனதில் இருந்த தொகை அங்கேயே இறங்கத் தொடங்கிவிடும்.

'எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்' இதைவிட மோசம். தமிழில் அது ஒரு பேச்சு வழக்கு, யாரும் அதைப் பிடித்துத் தொங்க மாட்டார்கள். அரபியில் 'அய்ய் ஷுஃகுல்', எந்த வேலையும், என்று போய் நிற்கும்போது அது ஒப்புதல் ஆகிவிடுகிறது. ஏசி வேலைக்கு என்று கூட்டிப்போய் மூட்டை தூக்க வைத்தால், நீ தானே சொன்னாய் என்பார்கள். எடுத்துவிடுங்கள்.

'முழு மனதோடு' என்பதற்கு நண்பர் 'மின் குல் கல்பீ' என்று எழுதியிருக்கிறார். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இதயத்துக்கு அரபியில் கல்ப். அந்தக் 'க' அடித்தொண்டையில், உள்நாக்குப் பக்கத்திலிருந்து வர வேண்டிய ஒலி. நாம் கல், கண் என்று சொல்லும் சாதாரணக் 'க'வைப் போட்டால் அது வேறு சொல். நாய். "என் முழு நாயோடு உழைப்பேன்" என்று ஆகும். சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்வார்கள்தான், ஆனால் சிரிப்பை அடக்க வேண்டியிருக்கும். ரியாத் பக்கம் பேச்சில் இந்த ஒலி 'கங்கை'யில் இரண்டாவதாக வரும் 'க' போல ஆகிவிடும் என்பது இன்னொரு குழப்பம். இதற்கெல்லாம் பயிற்சி எடுப்பதை விட வாக்கியத்தையே விட்டுவிடுவது சுலபம்.

தமிழ் எழுத்தில் அரபியை எழுதிப் படிப்பதில் உள்ள வில்லங்கமே இதுதான். நம்மிடம் ஒரே 'க'. அவர்களிடம் அந்த இடத்தில் மூன்று நான்கு தனித்தனி எழுத்துகள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்துப் பெரியவர்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதியபோது, நம்முடைய ப, ச, ழ போன்றவற்றுக்குப் புள்ளிகள் கூட்டிப் புது எழுத்துகளே செய்துகொண்டார்கள். நாம் எதிர்த் திசையில் வருகிறோம், ஆனால் புதிதாக எழுத்து செய்ய நேரமில்லை. எனவே உங்களுக்காக மூன்று ஏற்பாடு.

அரபியில் 'பழம்' என்பதில் வரும் ப ஒலி கிடையாது. நான் எழுதும் ஒவ்வொரு 'ப'வையும் 'பஸ்' என்று சொல்வது போலச் சொல்லுங்கள். 'ஃக' என்று எழுதினால் தொண்டையைக் காறுவது போல உரசிச் சொல்ல வேண்டும். ஒரு மெய்யை இரட்டித்திருந்தால் பெரும்பாலும் அது வன்மையாகச் சொல்வதற்காக.

அந்த 'ஃக' உங்களுக்கு ஒரு சொல்லில் உயிர்நாடி. அனுபவத்துக்கு 'ஃகிப்ரா'. நண்பர் 'கிப்ரா' என்று எழுதியிருக்கிறார், நீங்களும் அப்படியே மனப்பாடம் செய்திருப்பீர்கள். 'கிப்ர்' என்றால் ஆணவம். "எனக்கு 6 வருட அனுபவம் உண்டு" என்று சொல்லப் போய், ஆறு வருடத் தலைக்கனம் உண்டு என்பது போலக் காதில் விழும். இந்த ஒரு சொல்லை நூறு தடவை சொல்லிப் பழகுங்கள். பக்கத்து ஊரில் பள்ளிவாசல் மதரஸா இருந்தால் அங்கே ஓதிக் கொடுக்கும் ஹஸ்ரத்திடம் போய் நில்லுங்கள். எந்த எழுத்து வாயின் எந்த இடத்திலிருந்து பிறக்கிறது என்று சின்னப் பிள்ளைகளுக்கு தினமும் சொல்லிக்கொடுப்பவர் அவர். பத்து நிமிடத்தில் உங்கள் நாக்கைத் திருத்திவிடுவார்.

அப்புறம் ஒரு தமாஷ். 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கு அரபியில் 'இந்தீ'. இந்தியன் என்பதற்கு 'ஹிந்தீ'. ஆக ஹகரத்தை விழுங்கிவிட்டு 'அனா இந்தீ' என்று சொல்லி நிறுத்தினால், "நான், என்னிடம் இருக்கிறது..." என்று அந்தரத்தில் நிற்கும். அவர் என்ன இருக்கிறது என்று காத்திருப்பார். இன்னொன்று, 'அனா ஹிந்தீ' என்றால் இந்திக்காரன் என்று ஆகிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். நாட்டைத்தான் அது சொல்கிறது.

இலக்கணத்தில் நண்பர் செய்த பிழைகளில் மூன்றைத்தான் திருத்த வேண்டும். ஒன்று, 'முத்தஸவ்விஜா' என்று எழுதியிருக்கிறார். அது திருமணமான பெண். யாரோ நர்ஸ் எழுதி வைத்திருந்த அறிமுகத்தைப் பார்த்து எடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. ஆண் என்றால் 'முத்தஸவ்விஜ்', கடைசி 'ஆ' கிடையாது. உங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது பிறகு இதைப் பயன்படுத்தினால் அந்த 'ஆ'வை மறுபடி சேர்க்க வேண்டும், 'ஃபன்னீ'யும் 'ஃபன்னிய்யா' ஆகும். அந்த 'ஸ'வை வண்டு ரீங்காரம் போலச் சொல்லுங்கள், பாம்பு சீறுவது போல அல்ல.

இன்னொன்று வினைச்சொல். 'அனா அமில' என்று எழுதியிருக்கிறார். அரபி அகராதியில் வினைச்சொற்கள் 'அவன் செய்தான்' என்ற வடிவில்தான் இருக்கும். தமிழ் அகராதியில் 'செய்' என்று இருக்கும் இடத்தில் அங்கே 'செய்தான்'. அதை அப்படியே எடுத்தால் "நான் வேலை செய்தான்" என்று ஆகிவிடும். அதனால் நாம் வினையே இல்லாமல் 'எனக்கு அனுபவம் உண்டு' என்று சொல்லிவிடுவோம்.

'ஸித்தா ஸனா' என்பதும் பிழைதான். 3 முதல் 10 வரை எண்ணுக்குப் பின் பன்மை வர வேண்டும், எண்ணின் வாலும் மாறும். 'ஸித்த் ஸனவாத்' என்பதே சரி. 11 முதல் மறுபடி ஒருமை, அதனால்தான் உங்கள் 30 வயதுக்கு வெறும் 'ஸனா'. இரண்டுக்கு எண்ணே வேண்டாம், சொல்லின் கடைசியில் 'ஐன்' சேர்த்தால் போதும். ஸனா ஒரு வருடம், ஸனத்தைன் இரண்டு வருடம். அல்ஃப் ஆயிரம், அல்ஃபைன் இரண்டாயிரம். சம்பளம் பேசும்போது இந்த வால் காதில் விழவில்லை என்றால் கணக்கு பாதியாகிவிடும்.

இனி என் வரைவு. ரியாத்காரர் காதுக்கு உறுத்தாத அளவுக்குப் பேச்சு வழக்கு, எழுத்து அரபி தெரிந்த யாருக்கும் புரியும் அளவுக்குச் சுத்தம். சொல்லின் கடைசியில் வரும் வேற்றுமை விகுதிகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டேன், பேசும்போது யாரும் அவற்றை அதிகம் சொல்வதில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும், யா உஸ்தாத். இஸ்மீ (உங்கள் பெயர்). அனா ஹிந்தீ, மின் விலாயத் தாமீல் நாடூ, கரீப் மின் சென்னை. உம்ரீ தலாத்தீன் ஸனா, முத்தஸவ்விஜ், வ இந்தீ பின்த்.

அனா ஃபன்னீ தப்ரீத் வ தக்யீஃப். தரஸ்த் ஸனத்தைன் ஃபீ மஅஹத் தத்ரீப் மிஹ்னீ. இந்தீ ஃகிப்ரா ஸித்த் ஸனவாத், தர்க்கீப் வ ஸியானத் முக்கய்யிஃபாத், ஷுப்பாக் வ ஸ்பிலித். அல்மர்க்கஸீ மா இஷ்தஃகல்த் அலைஹ்.

அஅரிஃப் அரபீ ஷுவய். ஹஃபித்த் ஹாதல் கலாம். அல்ஹீன் அத்அல்லம். ஷுக்ரன்."

பொருள் இதுதான். வணக்கம் ஐயா. என் பெயர் இன்னது. நான் இந்தியன், தமிழ்நாடு மாநிலம், சென்னைக்குப் பக்கம். (பெரம்பலூர் அப்படியொன்றும் பக்கமில்லைதான். ஆனால் ரியாத்திலிருந்து பார்த்தால் பக்கம்தான்.) வயது 30, திருமணமானவன், ஒரு மகள். நான் ஏசி, ஃபிரிட்ஜ் டெக்னீஷியன். தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம் படித்தேன். விண்டோ, ஸ்ப்ளிட் ஏசிகளை மாட்டுவதிலும் பராமரிப்பதிலும் ஆறு வருட அனுபவம். சென்ட்ரலில் வேலை செய்ததில்லை. அரபி கொஞ்சம் தெரியும். இந்தப் பேச்சை மனப்பாடம் செய்து வந்தேன். இப்போது கற்றுக்கொண்டு வருகிறேன். நன்றி.

நிதானமாகச் சொன்னால் முக்கால் நிமிடம். இதைவிட நீளம் வேண்டாம்.

சென்ட்ரல் பற்றிய வரியை நானாகச் சேர்த்தேன், உங்கள் கடிதத்தில் அது இல்லை. நீங்கள் அதில் வேலை செய்திருந்தால் எடுத்துவிட்டு 'வ மர்க்கஸீ' என்று ஸ்பிலித்துக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்யவில்லை என்றால் இருக்கட்டும். தெரியாததை ஒன்று வெளிப்படையாகச் சொன்னவன், தெரியும் என்று சொன்ன மற்றதை நம்பலாம் என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வார். நான் பார்த்த வரையில் இது நடக்கிறது.

ஸலாம் சொல்ல முஸ்லிமாக இருக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டியதில்லை, சொன்னால் மகிழ்வார்கள். தயக்கமாக இருந்தால் காலையில் 'ஸபாஹ் அல் ஃகைர்' சொல்லலாம். அவர் முந்திக்கொண்டு ஸலாம் சொல்லிவிட்டால் நீங்கள் திருப்பி 'வஅலைக்கும் ஸலாம்' என்றுதான் சொல்ல வேண்டும். 'சார்' என்று வாய் தவறி வந்தால் பரவாயில்லை. ஆனால் 'யா ஸய்யிதீ' என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். எஜமானே என்பது போல நாடகத்தனமாக இருக்கும்.

சவூதி ரிட்டர்ன் அண்ணன்கள் இன்னொரு அரபி சொல்லித் தருவார்கள். 'அனா ஃபீ மஅலூம்', எனக்குத் தெரியும். 'மாஃபீ மஅலூம்', தெரியாது. வளைகுடாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் முதலாளிகளும் சந்திக்கும் இடத்தில் உருவான கலப்பு மொழி அது. சைட்டில் அதுதான் ஓடும், போனதும் நீங்களும் அதைத்தான் பேசுவீர்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே போகாத ஒருவர் அறிமுகத்திலேயே அதைப் பேசினால், முன்பு எந்தக் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த எந்த முதலாளியிடம், வேலை செய்தாய் என்று அடுத்த கேள்வி வரும்.

பெயர் விஷயம். உங்கள் பெயரில் ழகரம் இருப்பதைக் கவனித்தேன். பாஸ்போர்ட்டில் அதற்கு ஆங்கிலத்தில் இசட், ஹெச் என்று இரண்டு எழுத்து போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அரபியில் எழுதுபவர், நடுவில் ஒரு ரீங்கார 'ஸ'வும் ஒரு 'ஹ'வும் சேர்த்து யாருடைய பெயரோ போல ஆக்கிவிடுவார். இலங்கை முஸ்லிம்கள் ரமழான் என்று ழகரம் போட்டு எழுதுவதால் அந்த அரபி எழுத்தே நம் ழவுக்கும் ஆகும் என்று நினைக்க வேண்டாம், அந்த ஒலி வேறு. வாயால் சொல்லும்போது ல போலச் சொல்லுங்கள், அவர்களுக்கு அதுதான் எட்டும். ஆனால் காகிதத்தில் அரபியில் உங்கள் பெயர் எப்படி எழுதப்படுகிறதோ, அதே எழுத்து விசாவிலும் ஒப்பந்தத்திலும் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வடிவத்தை மட்டும் படம் போலப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அறிமுகம் முடிந்ததும் கேள்விகள் வரும். எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் ஏசி ஆளிடம் வழக்கமாகக் கேட்பவை சில உண்டு, அவற்றின் தலைச்சொல்லைப் பிடித்தால் போதும். 'ருஃக்ஸா' என்று காதில் விழுந்தால் டிரைவிங் லைசென்ஸ் உண்டா என்கிறார். வண்டி ஓட்டத் தெரிந்த டெக்னீஷியனுக்கு அங்கே தனி மதிப்பு. இருந்தால் 'இந்தீ ருஃக்ஸா ஹிந்திய்யா', இந்திய லைசென்ஸ் இருக்கிறது. 'மத்தா' என்றால் எப்போது, எப்போது வரமுடியும் என்று கேட்கிறார். 'பஅத் ஷஹ்ர்', ஒரு மாதம் கழித்து. 'ராத்திப்' என்றால் சம்பளம், 'கம் ராத்திப் திப்ஃகா' என்றால் எவ்வளவு சம்பளம் வேண்டும். இதற்கு மட்டும் மனப்பாட அரபியில் பதில் சொல்லாதீர்கள். சாப்பாடு, தங்குமிடம், ஓவர்டைம் எல்லாம் சேர்த்தா சேர்க்காமலா என்று தெரியாமல் ஒரு எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்வீர்கள். 'மும்கின் முத்தர்ஜிம்?' என்று கேளுங்கள், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று பொருள். ஏஜென்ட் அலுவலகத்தில் அரபி தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். முன்கூட்டியே ஏஜென்டிடம் சொல்லி அவரை அந்த அறையில் உட்கார வைக்கப் பாருங்கள்.

புரியாவிட்டால் 'மா ஃபஹிம்த்', புரியவில்லை. மெதுவாக என்பதற்கு 'ஷுவய் ஷுவய்'. இந்த இரண்டையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். முக்கியமாக, புரியாதபோது தலையை ஆட்டாதீர்கள். நம் தலையாட்டல் இருக்கிறதே, ஆமாவா இல்லையா என்று டெல்லிக்காரருக்கே புரியாது. புரிந்தால் வாய்விட்டு 'நஅம்' சொல்லுங்கள். அவர் 'நஅம்?' என்று குரலை உயர்த்தி இழுத்தால் ஆமாம் என்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம், என்ன சொன்னாய், திரும்பச் சொல் என்கிறார்.

கடைசியாக ஒரு சொல், இது அறிமுகத்தில் வராது, ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது. 'மிஹ்னா'. விசாவிலும், அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையான இகாமாவிலும் எழுதப்படும் தொழில். இன்டர்வியூ ஏசி டெக்னீஷியனுக்கு என்று நடக்கும், விசா வேறு தொழிலில் வரும், போய் இறங்கிய பிறகுதான் தெரியும். 2005-இல் வந்த சவூதி தொழிலாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் அரபியில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே வேறு மொழியில் எழுதியிருந்தாலும், இரண்டும் வேறுபட்டால் அரபியில் இருப்பதுதான் செல்லும். ஆங்கிலப் பத்தியில் ஏசி டெக்னீஷியன் என்று பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

எனவே தேர்வானதாகச் சொன்னதும் கேளுங்கள்: 'ஏஷ் அல்மிஹ்னா ஃபில் வீஸா?' விசாவில் தொழில் என்ன? பதிலில் 'ஃபன்னீ' வருகிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் அரபி தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி, தொழில் என்ற இடத்தில் இருக்கும் சொல்லை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே 'ஆமில்' அல்லது 'ஆமில் ஆதீ', அதாவது சாதாரணக் கூலியாள் என்று இருந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு 'லேஷ் ஆமில்? அனா ஃபன்னீ' என்று கேளுங்கள்.